காய்ந்த பல் பொய் சொல்லும்: முன்பல் கேப்புக்கு நிறம் எடுப்பது எப்படி

சில வருடங்களுக்கு முன் ஒரு மாலை, வங்கியில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணுக்கு மேல்வரிசை வலது நடுப்பல்லில் கேப் ஒட்டி அனுப்பினேன். சின்ன வயதில் மாடிப்படியில் விழுந்து அடிபட்ட பல் அது. வேர் சிகிச்சை முடிந்து, பழுப்பேறிப் போயிருந்தது. ஒட்டுவதற்கு முன் கண்ணாடியைக் கையில் கொடுத்தேன். அவர் பார்த்தார், கூட வந்திருந்த அம்மா பார்த்தார், நானும் பார்த்தேன். பக்கத்துப் பல்லோடு அச்சாகப் பொருந்தியது. நிரந்தர சிமெண்ட் வைத்து ஒட்டிவிட்டேன்.

மறுநாள் காலை போன் வந்தது. "டாக்டர், தப்பா எடுத்துக்காதீங்க. நேத்து சரியாத்தான் இருந்துச்சு. இன்னைக்குப் பல் விளக்கிட்டுப் பார்த்தா கேப் மட்டும் தனியா வெள்ளையாத் தெரியுது."

பீங்கான் ஒரே இரவில் நிறம் மாறாது. மாறியது பக்கத்துப் பல். எங்கள் நாற்காலியில் வாயைத் திறந்தபடி அவர் உட்கார்ந்திருந்த முக்கால் மணி நேரத்தில் அந்தப் பல் காய்ந்து வெளுத்திருந்தது. வீட்டுக்குப் போய் எச்சில் ஊறி, இரவு தூங்கி எழுந்ததும் பழைய நிறத்துக்குத் திரும்பிவிட்டது. கேப்புக்குத் திரும்பிப் போக இடமில்லை.

இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. முதல் தடவை நிறம் பார்த்தபோதும் பல்லைச் செதுக்கி முடித்து, அளவெடுத்து, எல்லாம் ஆன பிறகுதான் பார்த்திருந்தேன். அப்போதும் பக்கத்துப் பல் காய்ந்துதான் இருந்தது. காய்ந்த பல்லைப் பார்த்து நிறம் குறித்தேன். காய்ந்த பல்லோடு ஒப்பிட்டு, பொருந்துகிறது என்று ஒட்டினேன். இரண்டு தடவையும் ஒரே பொய், ஆகவே இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போனது. லேப் மீது எந்தத் தப்பும் இல்லை. நான் கேட்டதைத்தான் அவர்கள் செய்து கொடுத்தார்கள்.

முன்பல் கேப் போடப் புதிதாகத் தொடங்கும் பயிற்சி மருத்துவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கேப் போட்டுக்கொள்ளப் போகிறவர்களும் படிக்கலாம்.

காய்ந்தால் ஏன் வெளுக்கிறது?

வெள்ளை வேட்டியைத் தண்ணீரில் நனைத்தால் உடம்பு தெரிகிற அளவுக்கு ஊடுருவித் தெரியும். காய்ந்ததும் பழையபடி வெள்ளை. துணியின் நிறம் மாறவில்லை. நூல்களுக்கு நடுவே முன்பு தண்ணீர் இருந்தது, இப்போது காற்று இருக்கிறது, அவ்வளவுதான். பல்லின் எனாமலிலும் நடப்பது இதே கதை.

எனாமல் வெளிப்பார்வைக்குக் கண்ணாடி போல ஒரே பாளமாகத் தெரிந்தாலும், கோடிக்கணக்கான நுண்ணிய தண்டுகள் நெருக்கி அடுக்கப்பட்ட ஒன்று. அந்தத் தண்டுகளின் இடுக்குகளில் கொஞ்சம் தண்ணீர் இருக்கும். எனாமலின் ஒளிவிலகல் எண் சுமார் 1.62. தண்ணீருக்கு 1.33, காற்றுக்கு 1. பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இரண்டு பொருள்களுக்கு இடையே இந்த எண் எவ்வளவு விலகி நிற்கிறதோ, அவ்வளவுக்கு ஒளி அவற்றின் எல்லையில் சிதறும். இடுக்கில் தண்ணீர் இருக்கும்வரை ஒளி ஓரளவு உள்ளே போய், அடியில் இருக்கும் மஞ்சள் சாயலுள்ள டென்டினைத் தொட்டுத் திரும்பி வரும். நாம் பல்லின் நிறம் என்று பார்ப்பது பெரும்பாலும் அந்த டென்டினின் நிறத்தைத்தான். தண்ணீர் போய்க் காற்று புகுந்ததும் ஒளி எனாமலிலேயே சிதறித் திரும்பிவிடுகிறது. டென்டின் மறைகிறது. பல் வெளுப்பாகவும், ஊடுருவல் குறைந்து சுண்ணாம்பு பூசியது போலவும் தெரிகிறது.

இதற்கு ரொம்ப நேரம் ஆகாது. உதட்டை விலக்கி வைத்துப் பத்து நிமிடம் வேலை செய்தாலே கண்ணுக்குத் தெரிகிற மாற்றம் வந்துவிடும். ரப்பர் டேம் போட்டாலோ, மூன்று வழி ஊசியால் காற்று அடித்தாலோ இன்னும் சீக்கிரம். ஆனால் திரும்பி வருவது அப்படியல்ல. வாய் கொப்பளித்துவிட்டு ஐந்து நிமிடம் உட்காரச் சொன்னால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அரை மணி நேரம் ஆனாலும் முழுசாகத் திரும்பியிருக்காது. சிலருக்கு ஒரு நாள்கூட ஆகும். தண்ணீர் எளிதாகப் போகும், மெதுவாகத்தான் உள்ளே வரும்.

நம்பிக்கை வரவில்லை என்றால் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம். கண்ணாடி முன் நின்று மேலுதட்டை விரலால் தூக்கி ஒரு படம் எடுங்கள். மின்விசிறிக்கு நேரே அப்படியே பத்து நிமிடம் பிடித்திருந்துவிட்டு, அதே இடத்தில், அதே வெளிச்சத்தில் இன்னொரு படம். கடிக்கும் விளிம்பின் பக்கம் வெள்ளைத் திட்டுகள் எட்டிப் பார்க்கும். வாயால் மூச்சு விடும் பழக்கம் உள்ளவர்களின் மேல் முன்பற்கள் சாதாரண நாளிலேயே கொஞ்சம் இப்படி இருக்கும்.

முதல் வேலை

ஆகவே நிறம் பார்ப்பதை அன்றைய வேலையில் முதலாவதாக வைக்க வேண்டும். மரத்துப்போகும் ஊசிக்கு முன், அளவெடுப்பதற்கு முன், வாய்க்குள் பஞ்சு வைப்பதற்கு முன். நான் இப்போது நோயாளி உட்கார்ந்து, வாயைத் திறந்த இரண்டு மூன்று நிமிடத்துக்குள் முடித்துவிடுகிறேன். முடிந்தால் பல்லைச் செதுக்கும் நாளுக்கு முந்தைய வருகையிலேயே ஒரு தடவை பார்த்துவிடுவது இன்னும் நல்லது. வேர் சிகிச்சைக்கு நான்கு தடவை வந்து போகிறவரிடம் அதற்கு எத்தனையோ சந்தர்ப்பம் கிடைக்கும்.

பார்ப்பதற்கு முன் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். உதட்டுச்சாயம் இருந்தால் துடைக்கச் சொல்லுங்கள். சிவப்புக்குப் பக்கத்தில் எந்தப் பல்லும் லேசாகப் பச்சையடிக்கும். பளீரென்ற சேலை, சட்டை என்றால் சாம்பல் நிறத் துணியால் நெஞ்சை மூடிவிடுங்கள். டீ, காபி, வெற்றிலைக் கறை இருந்தால் பிரஷ்ஷில் பியூமிஸ் வைத்துத் துடைத்து, கொப்பளிக்கச் சொல்லிவிட்டுப் பாருங்கள். இல்லாவிட்டால் கறைக்கு நிறம் எடுத்ததாக ஆகும். பிறகு நாக்கால் பல்லை ஒரு தடவை நனைத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். கையில் பிடிக்கும் ஷேட் துண்டையும் தண்ணீரில் நனைத்துக்கொள்ளுங்கள். ஈரமான பல்லை உலர்ந்த துண்டோடு ஒப்பிடுவதும் ஒரு வகைக் கோணல்தான்.

பல்லை வெளுப்பாக்கும் சிகிச்சை செய்துகொண்டவர் என்றால் முடிந்து இரண்டு வாரமாவது கழித்துத்தான் நிறம் எடுக்க வேண்டும். அதுவரை நிறம் ஒரு நிலைக்கு வராது.

சில கிளினிக்குகளில் நிறம் அளக்கும் கருவி இருக்கிறது. பல்லின் மேல் முனையை வைத்தால் எண்ணைச் சொல்லும். நல்ல துணைதான். ஆனால் காய்ந்த பல்லில் வைத்தால் காய்ந்த பல்லின் நிறத்தைத் துல்லியமாகச் சொல்லும், அதற்கு மேல் அதனால் ஆகாது.

மேட்சிங் பிளவுஸ் கணக்கு

சேலைக்கு மேட்சிங் பிளவுஸ் துணி வாங்கப் போகிறவர்கள் கடைக்குள் பார்த்ததோடு விடமாட்டார்கள். துணியையும் சேலையையும் வாசலுக்கு எடுத்துவந்து வெயிலில் வைத்துப் பார்ப்பார்கள். கடைக்குள் டியூப்லைட்டில் ஒன்றாகத் தெரிந்த இரண்டு நீலம் தெருவில் வேறு வேறாகத் தெரிவதை அவர்கள் அனுபவத்தில் கண்டவர்கள். பல் மருத்துவக் கல்லூரியில் இதற்கு மெட்டாமெரிசம் என்று பெயர் சொல்லித் தந்தார்கள். இரண்டு பொருள்கள் வேறு வேறு நிறமிகளால் ஆனவையாக இருந்து, ஒரு விளக்கின் கீழ் மட்டும் ஒத்துப்போவது. பல்லும் பீங்கானும் எப்போதுமே வேறு வேறு பொருள்கள். ஆகவே எல்லா வெளிச்சத்திலும் ஒத்துப்போகும் கேப் என்பது கொஞ்சம் அதிகப்படியான ஆசை. பெரும்பாலான வெளிச்சத்தில் ஒத்துப்போனால் போதும் என்று வேலை செய்கிறோம்.

நல்ல வெளிச்சம் என்பது பகல் வெளிச்சம், அதுவும் நேர் வெயில் அல்லாதது. காலை பத்து மணியிலிருந்து பிற்பகல் இரண்டு மணி வரை, ஜன்னலோரம், நிழல் பக்கம். காலையிலும் சாயங்காலமும் வெயிலில் சிவப்பும் மஞ்சளும் கூடுதல், அதில் எல்லாப் பல்லும் மஞ்சள் கூடித் தெரியும். மழை மூட்டமாக இருந்தால் ஜன்னலை நம்ப முடியாது. ஜன்னலே இல்லாத அறை என்றால் விளக்கைத்தான் மாற்ற வேண்டும். பெட்டியின் மேல் இரண்டு எண்களைப் பாருங்கள். நிற வெப்பநிலை 5500 முதல் 6500 கெல்வினுக்குள் இருக்க வேண்டும். சி.ஆர்.ஐ. என்று போட்டிருக்கும் எண் 90-க்கு மேல் இருக்க வேண்டும். முதல் எண் மட்டும் சரியாக இருந்து இரண்டாவது குறைவாக இருக்கும் விளக்குகள்தான் கடைகளில் அதிகம். வெள்ளையாக எரியும், ஆனால் நிறங்களைக் கோணலாகக் காட்டும்.

நாற்காலிக்கு மேலே தொங்கும் விளக்கை நிறம் பார்க்கும்போது அணைத்துவிடுங்கள். அது வாய்க்குள் வேலை செய்வதற்காக வைத்தது. அவ்வளவு பிரகாசத்தில் பல்லின் மேற்பரப்பு மினுக்கித் தெரியும், அடியிலுள்ள நிறம் கழுவிவிட்டது போல ஆகிவிடும். நான் படித்த காலத்தில் அந்த விளக்கின் கீழேயே பார்த்துப் பழகியவர்களில் நானும் ஒருவன். அந்த வங்கிப் பெண்ணுக்கு நான் செய்த இரண்டாவது தப்பும் அதுதான். மாலை ஆறரை மணி, ஜன்னல் இருட்டு, தலைக்கு மேல் விளக்கு.

சுவரின் நிறமும் சேர்ந்துகொள்ளும். அடர் பச்சைத் திரை, ஆரஞ்சுச் சுவர் எல்லாம் பல் மேல் சாயலை எறியும். வெளிர் சாம்பல்தான் பாதுகாப்பு. கண் களைத்தால் நீல அட்டையைப் பார்த்து ஓய்வு கொடு என்று பழைய ஆசிரியர்கள் சொல்வார்கள். நீலத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் கண் கொஞ்ச நேரம் ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்திருக்கும். அதனால் இப்போது சாம்பல் அட்டையைத்தான் பார்க்கச் சொல்கிறோம்.

ஷேட் கைடைப் பிடிப்பது

நம் ஊரில் பெரும்பாலான கிளினிக்குகளில் இருப்பது விட்டா கிளாசிக்கல் கைடு. பதினாறு துண்டுகள், ஏ முதல் டி வரை நான்கு குடும்பங்கள். ஏ குடும்பம் செம்பழுப்புச் சாயல், பி செம்மஞ்சள், சி சாம்பல், டி சாம்பலோடு கொஞ்சம் சிவப்பு. எண் ஏற ஏற நிறம் அடர்ந்துகொண்டே போகும்.

பெட்டியில் ஏ1, ஏ2, ஏ3 என்று வரிசையாக இருப்பதால் எல்லாரும் முதலில் ஏ-யா பி-யா என்று குடும்பத்தைத் தேடத் தொடங்குவார்கள். நான் சொல்வது அதற்கு நேர் எதிர். முதலில் பார்க்க வேண்டியது பல் எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு இருட்டு என்பதை. இதைத்தான் வேல்யூ என்கிறோம். ஒரு வண்ணப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றினால் மிஞ்சுவது எதுவோ அது. இரண்டடி தள்ளி நிற்கிறவர் கண்ணில் படுகிற குறை பெரும்பாலும் வேல்யூவில்தான் இருக்கும். கொஞ்சம் மஞ்சள் கூடிவிட்டால் யாரும் கவனிக்க மாட்டார்கள். கொஞ்சம் வெளிச்சம் கூடிவிட்டால் பேருந்தில் எதிரே உட்கார்ந்திருப்பவர்கூடக் கவனிப்பார்.

இதற்காக துண்டுகளை வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு என்று மாற்றி அடுக்கிக்கொள்ளுங்கள். பி1, ஏ1, பி2, டி2, ஏ2, சி1, சி2, டி4, ஏ3 என்று தொடங்கி சி4-இல் முடியும் வரிசை அது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு, ஒரு கை நீளத் தூரத்திலிருந்து வரிசையைப் பல்லுக்குக் கீழே நகர்த்திப் பாருங்கள். கண்ணைச் சுருக்கும்போது வெளிச்ச வித்தியாசம் முன்னே வரும், நிறம் பின்னே போகும். இரண்டு மூன்று துண்டுகளுக்குள் வந்து நின்றுவிடலாம். அப்புறம்தான் எந்தக் குடும்பம் என்ற கேள்வி. அதற்குக் கோரைப்பல்லைப் பாருங்கள். முன்வரிசையில் நிறம் அடர்த்தியாக இருப்பது அதில்தான், ஆகவே செம்மையா மஞ்சளா என்பது அங்கே தெளிவாகத் தெரியும்.

ஒரு துண்டை ஐந்து வினாடிக்கு மேல் உற்றுப் பார்க்காதீர்கள். பார்க்கப் பார்க்கக் கண் பழகிப்போய் எல்லாமே பொருந்துவதாகத் தோன்றும். முதலில் தோன்றியதுதான் அநேகமாகச் சரி. கூட இருக்கும் செவிலியரையும் பார்க்கச் சொல்லுங்கள். ஆண் மருத்துவர்களில் சிலருக்குச் சிவப்பு பச்சை பிரித்தறிவதில் லேசான குறை இருக்கும், அது அவர்களுக்கே தெரியாமல் இருக்கலாம்.

இரண்டுக்கு நடுவே மாட்டிக்கொண்டால், மெல்லிய வித்தியாசம்தான் என்றால் வெளிச்சமாக இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். பீங்கானின் மேல் சாயம் பூசி இருட்டாக்க முடியும். இருட்டாக வந்துவிட்ட கேப்பை வெளிச்சமாக்க வழியில்லை. ஆனால் இது அரைப் படிக்கான அறிவுரை. காய்ந்த பல்லைப் பார்த்து மூன்று படி மேலே போய்விட்டு, சாயம் பூசிச் சமாளிக்கலாம் என்று இருக்கக் கூடாது. அவ்வளவு சாயம் பூசினால் பல் அழுக்கானது போலத் தெரியும்.

இன்னொன்று. எந்தப் பல்லும் ஒரே நிறமல்ல. ஈறோரம் அடர்ந்து, நடுவில் கொஞ்சம் வெளுத்து, கடிக்கும் விளிம்பில் நீலச் சாயலோடு கண்ணாடி போல முடியும். ஆகவே கழுத்து, நடு, விளிம்பு என்று மூன்று இடத்துக்கும் தனித்தனியாகக் குறிக்க வேண்டும்.

லேப்புக்கு என்ன சொல்வது?

எனக்கு வேலை செய்து தரும் டெக்னீஷியன் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அந்தப் பெண்ணின் கேப்பை வெட்டி எடுத்துவிட்டு மறுபடி செய்யப் போகிறேன் என்று அவரிடம் போய் நின்றேன். பழைய லேப் ஸ்லிப்பை எடுத்து மேசையில் வைத்தார். அதில் என் கையெழுத்தில் பல் எண்ணும், "ஜிர்கோனியா, ஏ1" என்பதும் மட்டும் இருந்தன.

"என்ன டாக்டர் இது? சட்டை தைக்கக் கொடுத்துட்டு, நீலம்னு மட்டும் எழுதி அனுப்புற மாதிரி இருக்கு."

"அண்ணே, அப்ப எல்லாருக்கும் இப்படித்தானே எழுதுறேன்?"

"கடவாய்க்கு அது போதும். முன்பல்லுக்கு நான் அந்தம்மா முகத்தையே பார்க்கலையே. நீங்கதான என் கண்ணு."

அவர் சொன்னது நியாயம். அவருடைய மேசைக்கு வருவது பல்லின் அச்சும் ஒரு துண்டுக் காகிதமும். நோயாளி எழுபது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறார்.

முதலில் அவருக்குத் தெரிய வேண்டியது உள்ளே இருக்கும் பல்லின் நிறம். செதுக்கிய பின் மிஞ்சும் கட்டை கறுத்திருந்தால், ஊடுருவல் அதிகமான பீங்கான் அதை வெளியே காட்டிவிடும். கேப் சாம்பல் பாய்ந்து தெரியும். கட்டை கறுப்பு என்று தெரிந்தால் அவர் உள்ளே மறைப்புத்தன்மை கூடிய கூட்டைத் தேர்ந்தெடுப்பார். கட்டை இயல்பான நிறம் என்றால் மறைக்க வேண்டியதில்லை, வேறு பொருளே போடலாம். ஆகவே செதுக்கி முடித்ததும் கட்டைக்குப் பக்கத்தில் ஒரு துண்டைப் பிடித்து இன்னொரு படம் எடுத்து அனுப்ப வேண்டும். நிறம் பார்ப்பதில் செதுக்கிய பிறகு செய்யக்கூடிய ஒரே வேலை இது.

அடுத்தது இடம். ஜிர்கோனியாக் கூடு சுமார் 0.5 மில்லிமீட்டர். அதன் மேல் பீங்கான் அடுக்க முக்காலிலிருந்து ஒரு மில்லிமீட்டர் வேண்டும். பல்லின் முன்பக்கத்தை நாம் 0.8 மில்லிமீட்டர்தான் செதுக்கியிருந்தால் அவருக்கு மிஞ்சுவது கால் மில்லிமீட்டர் சொச்சம். அதில் எந்த ஷேட் எழுதினாலும் வராது. கூட்டின் வெள்ளை தெரியும், அல்லது பல் துருத்திக்கொண்டு நிற்கும். லேப் நிறத்தைக் கெடுத்துவிட்டது என்ற புகாரில் கணிசமானவை உண்மையில் செதுக்கல் போதாத கேஸ்கள் என்று அண்ணன் சொல்வார். பார்த்த வரையில் எனக்கும் அப்படித்தான் படுகிறது.

அப்புறம் படம். ஷேட் துண்டைப் பல்லின் விளிம்போடு விளிம்பாக, ஒரே தளத்தில் பிடிக்க வேண்டும். துண்டு முன்னே வந்தால் வெளிச்சமாகவும் பின்னே போனால் இருட்டாகவும் தெரியும். துண்டின் மேல் எழுதியிருக்கும் எண் படத்தில் விழ வேண்டும். தேர்ந்தெடுத்த துண்டோடு நிறுத்தாமல் அதற்கு ஒரு படி இருட்டான துண்டையும் சேர்த்துப் பிடித்தால் டெக்னீஷியனுக்கு ஓர் அளவுகோல் கிடைக்கும். போன் திரையில் தெரியும் நிறத்தை யாரும் நம்ப முடியாது. துண்டுக்கும் பல்லுக்கும் உள்ள வித்தியாசத்தை நம்பலாம். போனில் எடுத்தால் ஃபிளாஷை அணைத்துவிட்டு ஜன்னலோரம் எடுங்கள். நேராக ஒன்று, மேற்பரப்பின் வரிகள் தெரியும்படி கொஞ்சம் பக்கவாட்டில் ஒன்று, உதட்டோடு சிரிக்கும்போது ஒன்று. படம் எடுப்பதையும் முதல் சில நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். உதட்டை விலக்கிப் பிடித்துப் பத்துப் படம் எடுத்தால் பத்தாவது படத்தில் இருப்பது காய்ந்த பல். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படமாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்புங்கள், நுணுக்கங்கள் நசுங்காது.

இரண்டாவது தடவை நான் எழுதிய ஸ்லிப்பை அப்படியே தருகிறேன்:

"மேல் வலது நடுப்பல், ஒற்றை கேப். ஜிர்கோனியாக் கூடு, மேலே பீங்கான் அடுக்கு. ஒப்பிட வேண்டியது இடது நடுப்பல். நிறம் பார்த்தது காலை 10.40, ஜன்னல் வெளிச்சம், பல் ஈரமாக, ஊசிக்கு முன். கழுத்து ஏ3, நடு ஏ2, விளிம்பு ஏ1-ஐ ஒட்டியது. விளிம்பில் சுமார் ஒன்றரை மில்லிமீட்டருக்கு நீல ஊடுருவல், அதன் கீழே நூல் போல வெள்ளைக் கோடு. நடுவில் இடது பக்கமாக ஒரு வெள்ளைப் புள்ளி, கடுகளவு. வைக்க வேண்டாம், நோயாளி விரும்பவில்லை. மேற்பரப்பில் குறுக்கு வரிகள் லேசாக, மினுக்கம் நடுத்தரம். கட்டை நிறம் அடர் பழுப்பு, படம் 5. முன்பக்கச் செதுக்கல் 1.5 மில்லிமீட்டர். சந்தேகம் வந்தால் வெளிச்சப் பக்கம் போகவும். பளபளப்பு ஏற்றுவதற்கு முன் டிரயலுக்கு அனுப்பவும்."

ஒரு பல்லின் படத்தைக் கையால் வரைந்து, எந்த இடத்தில் என்ன என்று அம்புக்குறி போட்டும் கொடுத்தேன். என் ஓவியம் முட்டைக்கோஸ் போல இருந்தது. அண்ணன் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அதைச் சுவரில் ஒட்டி வைத்துத்தான் வேலை செய்தார்.

டிரயல் நாள்

பளபளப்பு ஏற்றாத பீங்கானின் மேற்பரப்பு சொரசொரப்பாக இருக்கும். அதனால் ஒளி சிதறி, இருப்பதைவிட வெள்ளையாகத் தெரியும். காய்ந்த பல்லின் கதைதான் இதுவும். ஆகவே கேப்பைத் தண்ணீரிலோ கிளிசரினிலோ நனைத்துவிட்டு வாயில் வைத்துப் பார்க்க வேண்டும். பல்லையும் நனைக்க வேண்டும்.

அன்று காலை பத்தரைக்கு வரச் சொல்லியிருந்தேன். தற்காலிக கேப்பைக் கழற்றியதும் காற்று அடிக்காமல், ஈரப் பஞ்சால் துடைத்து, உடனே புதியதை வைத்தேன். ஒரு நிமிடத்துக்குள் ஜன்னலோரம் நிற்க வைத்துப் பார்த்தோம். நடுப்பகுதி சரியாக இருந்தது. கழுத்தோரம் மட்டும் கொஞ்சம் வெளுப்பு. அங்கே லேசாகச் சாயம் சேர்க்கச் சொல்லி, பளபளப்பு ஏற்றி அனுப்பச் சொன்னேன்.

முடிந்து வந்ததும் நிரந்தரமாக ஒட்டவில்லை. தற்காலிக சிமெண்டில் வைத்து, இரண்டு நாள் கழித்து வரச் சொன்னேன். ஜிர்கோனியாவுக்கு இப்படிச் செய்யலாம். மெல்லிய கண்ணாடிப் பீங்கான் கேப்புகளில் பலம் வருவதே பல்லோடு ஒட்டிப் பிணைவதால்தான், ஆகவே அவற்றைத் தற்காலிக சிமெண்டில் வைத்து அனுப்ப முடியாது. அங்கே டிரயல் பேஸ்ட்டோடு சில நிமிடங்களில் முடிவு செய்துவிட வேண்டியிருக்கும், இந்த வசதி கிடையாது.

வீட்டில் பல் விளக்கியதும் ஒரு தடவை, பகலில் வாசலில் ஒரு தடவை, அலுவலக டியூப்லைட்டில் ஒரு தடவை, இரவில் வீட்டு விளக்கில் ஒரு தடவை படம் எடுத்து வரச் சொன்னேன். நான்கு படங்களோடு வந்தார். மூன்றில் எது கேப் என்று நானே யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது. நான்காவது, பூஜை அறை மஞ்சள் பல்பின் கீழ் எடுத்தது. அதில் கேப் ஒரு நூலிழை சாம்பலாகத் தெரிந்தது.

"இது ஒண்ணுல மட்டும் தெரியுது டாக்டர்."

மறுபடி லேப்புக்கு அனுப்பட்டுமா என்று கேட்டேன். அம்மாவைப் பார்த்தார். "சாமி பார்த்தா பார்த்துட்டுப் போகுது, ஒட்டிருங்க" என்றார் அம்மா. ஒட்டிவிட்டேன்.